குயவரும் அவரது கூடமும்

மானாமதுரையில் கடம் செய்யும் முதியவரைப் படமெடுக்கப் போனால் பெரும்பாலோர் முகச்சுருக்கங்களை நெருங்கி எடுத்துத் திரும்புகிறார்கள். அந்த முகம் எந்த ஊரில் எந்தத் தொழில் செய்பவருக்கும் பொருந்தும். இவர் குயவர் என்று சொல்ல வேண்டியது சுற்றியிருக்கும் பொருள்கள்தான்.

கடத்தின் உயிர் தட்டுவதில் இருக்கிறது. சக்கரத்தில் வனைந்த பானை சற்று இறுகியதும், உள்ளே ஒரு கை உருண்டைக் கல்லைத் தாங்கிப் பிடிக்க, மறுகை மரப்பலகையால் வெளியே தட்டும். சுவர் எங்கும் ஒரே கனமாக அமைந்தால்தான் நாதம் சீராக வரும். ஆகவே பலகையும், பானைக்குள் மறையும் கையும், காதைச் சாய்த்த முகமும் ஒரே சட்டத்தில் வர வேண்டும்.

35 மி.மீ. லென்ஸ் இதற்குப் போதும். அதைவிட அகலமானது ஓரத்தில் இருக்கும் கையைப் பூதாகாரமாக்கிவிடும். வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்; வாசலே படத்துக்குள் வந்தால் முகம் இருண்டுபோகும். ஷட்டர் 1/60 நொடியில் பலகை லேசாகக் கலங்கும், முகம் தெளிவாக நிற்கும். 1/500 வைத்தால் அவர் பலகையைச் சும்மா பிடித்திருப்பதுபோல் தெரியும்.

பின்னால் பிளாஸ்டிக் குடம் கிடந்தால் அதை அகற்றாதீர்கள், அதுவும் அவர் கூடம்தான். கேமராவுக்காக வேலையை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம்: அளவுக்கு மீறிக் காய்ந்த பானை அடுத்த தட்டில் விரிந்துவிடும்.