மைக்கின் பின்வாசல்

மெல்லிசைக் கச்சேரியில் பாடகர் மைக்கை உதட்டருகே கொண்டுபோனதும் குரல் கனத்துவிடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் மெலிந்துவிடும். சத்தம் கூடிக் குறைவது மட்டுமல்ல இது. குரலின் தன்மையே மாறுகிறது.

மேடைகளில் அதிகம் காணப்படும் ஷூர் எஸ்எம்58 மைக் 1966இல் வந்தது. கார்டியாய்டு வகையைச் சேர்ந்தது. முன்னாலிருந்து வரும் ஒலியை முழுதாக வாங்கும். பக்கவாட்டில் வருவதைச் சுமார் 6 டெசிபெல் குறைத்து வாங்கும். நேர் பின்னால் இருந்து வருவதைப் பெரும்பாலும் விட்டுவிடும். உள்ளே அதிரும் மெல்லிய சவ்வின் பின்பக்கத்துக்கும் ஒலி நுழைய வழி வைத்திருப்பதுதான் இதன் சூட்சுமம். இரு பக்கமும் விழும் அழுத்தத்தின் வித்தியாசத்துக்கு ஏற்பவே சவ்வு அசையும். பின்னாலிருந்து வரும் ஒலி இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொடும்படி உள்வழியில் சற்றுத் தாமதப்படுத்தப்படுவதால், வித்தியாசம் மிஞ்சுவதில்லை.

குரல் கனப்பதற்கும் இந்தப் பின்வாசலே காரணம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளம். சில சென்டிமீட்டர் இடைவெளியில் அதன் அழுத்தம் அதிகம் மாறாது. அதனால் கீழ்ச்சுரங்களுக்குச் சவ்வு கூடுதலாக அசையும்படி வடிவமைக்கிறார்கள். தூரத்திலிருந்து பாடினால் கணக்கு சரியாக இருக்கும்.

பின்வாசலை அடைய ஒலி 3 செ.மீ. கூடுதலாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாய் 60 செ.மீ. தள்ளி இருந்தால் முன்னே 60, பின்னே 63. வலிமையில் 5 சதவீதம்தான் வித்தியாசம். வாய் 3 செ.மீ.க்கு வந்துவிட்டால் முன்னே 3, பின்னே 6. பின்பக்க ஒலி பாதியாகிவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசம், ஏற்கெனவே ஊக்கப்பட்டிருக்கும் கீழ்ச்சுரங்களில் வந்து சேர்வதால் பேஸ் பொங்குகிறது. மேல்சுரங்களின் அலை குட்டையானது. அங்கே வித்தியாசம் முன்பே பெரிதாக இருப்பதால் மாற்றம் தெரியாது. எஸ்எம்58இல் 6 மி.மீ. நெருக்கத்தில், 100 ஹெர்ட்ஸில் 6 முதல் 10 டெசிபெல் வரை கூடும் என்கிறது ஷூர்.

கனத்த ஆண்குரல் மைக்கை ஒட்டிப் பாடினால் சொற்கள் குழம்பும். மிக்சரில் லோ கட் போட்டால் தெளியும். ஆனால் அந்த அளவை வைத்தபின் பாடகர் உச்சஸ்தாயியில் மைக்கை விலக்கினால் குரல் வற்றிப்போகும். ஆகவே தூரத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டு விரல் இடைவெளி நல்ல தொடக்கம். பேஸைத் திருத்துவது அதற்குப் பிறகுதான்.

வலைக்குண்டை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பின்வாசல் அடைபட்டு, மைக் எல்லாத் திசைக்கும் காது கொடுக்கத் தொடங்கும். பாடகரின் காலடியில் இருக்கும் மானிட்டர் ஒலி உள்ளே புகுந்து விசிலடிக்கும். கையைக் கைப்பிடிக்கு இறக்கினாலே விசில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் கூவினால், மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேரே திருப்பி வைத்துப் பார்க்கலாம்.