பழகிய கடைக்குப் பாக்கிக் கடிதம்

பழகிய கடைக்காரரிடம் பாக்கி கேட்பது மொத்த வியாபாரத்தில் மிகச் சங்கடமான வேலை. கேட்காமல் விட்டால் பணம் முடங்கி, மில்லுக்குக் கட்ட வேண்டியது தள்ளிப்போகும். கடுமையாகக் கேட்டால் அடுத்த மாதச் சரக்கை அவர் வேறு மண்டியில் எடுத்துக்கொள்வார். இதற்கு நடுவே ஒரு பக்கக் கடிதம் போதும். ஆனால் எவ்வளவு பணிவாக எழுதினாலும், அதில் போட்டிருக்கும் தொகை தவறாக இருந்தால் அந்தக் கடிதம் அவமரியாதைதான்.

மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருமங்கலத்தில் ஒரு மளிகைக் கடைக்குப் பல வருடங்களாக 30 நாள் தவணையில் சரக்கு போடுகிறார். ஆகஸ்ட் 5-ஆம் தேதி போட்ட பில் 48,600 ரூபாய். செப்டம்பர் 4-ஆம் தேதி வர வேண்டிய பணம், 16-ஆம் தேதி ஆகியும் வரவில்லை. உடனே 48,600 ரூபாய் கேட்டு எழுதிவிடலாமா?

முதலில் பேரேட்டைப் பார்க்க வேண்டும். அந்தப் பில்லில் போன துவரம் பருப்பில் 2 மூட்டை வண்டு விழுந்ததாகத் திரும்பி வந்திருக்கிறது. அதன் மதிப்பு 6,300 ரூபாய். சரக்கு குடோனுக்கு வந்துவிட்டது, ஆனால் கிரெடிட் நோட் போடவில்லை. அடுத்து, ஆகஸ்ட் 28-ஆம் தேதி கடைக்காரர் 20,000 ரூபாய் வங்கியில் போட்டிருக்கிறார். எந்தப் பில்லுக்கு என்று சொல்லவில்லை. ஜூலை பில்லில் 11,500 ரூபாய் ஏற்கெனவே பாக்கி நின்றது.

வாடிக்கையாகச் சரக்கு எடுப்பவர்களின் கணக்கு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்குகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. இந்தப் பணம் இந்தப் பில்லுக்கு என்று கொடுப்பவர் சொன்னால், வாங்குபவர் அப்படித்தான் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாதபோது, வாங்குபவர் தம் விருப்பப்படி எந்தப் பாக்கிக்கும் வைக்கலாம். இருவருமே எதுவும் செய்யாமல் விட்டால் பழைய கடன் முதலில் கழியும். நம் வியாபாரி ஜூலை பாக்கி 11,500 ரூபாயை முதலில் முடித்து, மீதி 8,500 ரூபாயை ஆகஸ்ட் பில்லில் வரவு வைக்கிறார். 48,600-இல் 6,300-உம் 8,500-உம் போக, வர வேண்டியது 33,800 ரூபாய்.

இந்தக் கணக்கு பார்க்காமல் 48,600 என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? "இருபதாயிரம் போட்டேனே, மூட்டை ரெண்டு திருப்பி அனுப்பினேனே" என்று கடைக்காரர் கொதிப்பார். அந்தக் கோபம் நியாயமானது. பிறகு பேச்செல்லாம் கணக்குத் தகராறாகி, பணம் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும். அதனால் கிரெடிட் நோட்டைப் போட்டு முடித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

*16.09.2025*

*அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்.*

*05.08.2025 தேதியிட்ட எங்கள் பில் எண் 412 தொடர்பாக இதை எழுதுகிறோம். பில் தொகை ரூ.48,600. திரும்பி வந்த 2 மூட்டை துவரம் பருப்புக்கு ரூ.6,300 கழித்திருக்கிறோம். இதற்கான கிரெடிட் நோட் போடத் தாமதமானது எங்கள் தவறு; இத்துடன் இணைத்துள்ளோம். 28.08.2025 அன்று தாங்கள் அனுப்பிய ரூ.20,000-இல் ரூ.11,500-ஐ ஜூலை பில் பாக்கிக்கும், ரூ.8,500-ஐ இந்தப் பில்லுக்கும் வரவு வைத்துள்ளோம். ஆக இந்தப் பில்லில் நிற்பது ரூ.33,800. தவணைத் தேதி 04.09.2025.*

*இந்தத் தொகையை 26.09.2025-க்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம். மொத்தமாகத் தர இயலாவிட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று தெரிவித்தால் அதன்படி நாங்களும் எங்கள் பணத்தை ஒழுங்கு செய்துகொள்வோம். கணக்கில் வித்தியாசம் இருந்தால் உடனே சொல்லுங்கள், சரிபார்த்துவிடுகிறோம்.*

*இதற்குள் பணம் அனுப்பியிருந்தால் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.*

*பேரேட்டு நகல் இத்துடன் உள்ளது. நிலுவை சரியென்றால் அதில் கையெழுத்திட்டு ஒரு பிரதி அனுப்பிவைக்கவும்.*

*இப்படிக்கு,*

இதில் ஒரே ஒரு தேதிதான் கேட்கப்படுகிறது. "சீக்கிரம்", "கூடிய விரைவில்" என்று எழுதினால் கடைக்காரர் அதைத் தம் வசதிப்படி புரிந்துகொள்வார். அந்தத் தேதி கடந்துவிட்டது என்று பிறகு சுட்டிக்காட்டவும் நமக்கு வழி இருக்காது. பகுதியாகத் தருவதற்கும் கணக்கு வித்தியாசம் சொல்வதற்கும் இடம் விட்டிருப்பதால், முழுத் தொகை கையில் இல்லாதவரும் பதில் சொல்லத் தயங்கமாட்டார். பதிலே வராமல் போவதுதான் உண்மையான ஆபத்து. வட்டி, சரக்கு நிறுத்தம், வக்கீல் என்ற பேச்சுக்கு முதல் கடிதத்தில் வேலை இல்லை. கடிதத்தை உறையில் ஒட்டி உரிமையாளர் பெயருக்கே அனுப்ப வேண்டும். கடைப் பையனிடம் திறந்த தாளாகக் கொடுத்தாலோ, வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலோ பணிவான வாசகமும் அவமானமாகிவிடும்.

கடைசியில் கேட்ட கையெழுத்துக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பு உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, தவணைக்குக் கொடுத்த சரக்கின் விலைக்கு வழக்குப் போட, தவணை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் அவகாசம். நாம் எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் அந்த அவகாசம் ஒரு நாள்கூட நீளாது. கடன்பட்டவர் அந்தக் காலத்துக்குள் நிலுவையை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். நல்ல உறவு இருக்கும்போது, வழக்கமான கணக்கு ஒப்பாக இதைக் கேட்டால் யாரும் சங்கடப்படமாட்டார்கள். சண்டை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறதே என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் பாதுகாப்பு தருகிறது. மொத்த, சில்லறை வியாபாரிகள் 2021 முதல் உத்யம் பதிவு செய்யலாம் என்றாலும், அவர்களுக்கு அதனால் கிடைப்பது முன்னுரிமைத் துறை வங்கிக் கடன் சலுகை மட்டும்தான். தாமதப் பணத்துக்கான வட்டியும் புகார் வசதியும் அதில் சேரவில்லை. வாங்கி விற்கும் வியாபாரிக்கு ஆதாரம் அவருடைய பில்லும் பேரேடும் இந்தக் கடிதமும்தான். கடித நகலையும் அனுப்பிய ரசீதையும் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும்.

26-ஆம் தேதி பணமும் பதிலும் வரவில்லை என்றால் மறுநாளே ஒரு போன். எழுத்தில் சொல்ல முடியாத காரணங்கள் பேச்சில் வரும்: வீட்டில் கல்யாணம், கடைக்கு எதிரே புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட், அவருக்கே வர வேண்டிய கடன். சொன்ன தேதியும் தவறினால், பழைய பாக்கி முடியும்வரை புதுச் சரக்குக்கு ரொக்கம் என்று சொல்லலாம். தீபாவளிக்கு முன் கடைக்காரருக்குச் சரக்கு வேண்டும்; இதுவரை மரியாதையாக நடந்துகொண்டவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்வார்.

பணம் வந்த அன்றே ரசீது அனுப்பிவிட வேண்டும். அதில் தொகையை மட்டும் போடாமல், "பில் எண் 412 முடிந்தது, பாக்கி இல்லை" என்றும் எழுத வேண்டும். அடுத்த பில்லில் இதே குழப்பம் வராமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.