அம்மா கையெழுத்துப் போட்டால் போதுமா?

ஒன்பது வயதுப் பையனிடம், தினமும் எவ்வளவு நேரம் டி.வி. பார்க்கிறான் என்று ஆய்வாளர் கேட்கிறார். படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாயிற்று. பையனைக் கேட்டார்களா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள்படி, பெற்றோர் சம்மதத்தோடு, 7 வயதைத் தாண்டிய பிள்ளையின் இசைவும் வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு வாய்மொழியே போதும். 12க்கு மேல் எழுத்தில்.

சிக்கல் என்னவென்றால், பெரியவர் கேட்டால் நம் பிள்ளைகள் “சரி” என்றுதான் சொல்வார்கள். அதனால், “நான் என்ன கேட்கப்போகிறேன், சொல்லு பார்ப்போம்” என்று திருப்பிக் கேட்க வேண்டும். “போதும்” என்று சொல்லவும் ஒருமுறை பழக்கிவிடலாம். பேட்டி நடுவே ஒற்றைச் சொல் பதில்களும், வாசலை நோக்கும் கண்களும் வந்தால் அதுவும் மறுப்புதான்.

தாத்தாவோடு இரவு பதினொன்று வரை சீரியல் பார்ப்பதாகப் பையன் சொன்னால், அதை அம்மாவிடம் சொல்லக் கூடாது. ஆனால் முழு ரகசியம் என்றும் வாக்குத் தரக்கூடாது: பாலியல் கொடுமை தெரியவந்தால், போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். இந்த எல்லையை முதல் கேள்விக்கு முன்பே பையனிடம் சொல்லிவிட வேண்டும்.