பாக்டீரியா வளர்ச்சிக் கோடு: நான்கு கட்டங்களும் நாம் ஏமாறும் இடங்களும்

எஷெரிக்கியா கோலை என்ற குடல் பாக்டீரியாவைச் சிறிதளவு எடுத்து, சத்து நிறைந்த திரவ ஊடகத்தில் இட்டு, 37 டிகிரி வெப்பத்தில் குலுக்கிக்கொண்டே வைத்தால், தெளிவாக இருந்த திரவம் சில மணி நேரத்தில் கலங்கிவிடும். அந்தக் கலங்கலைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து, நேரத்துக்கு எதிராக வரைவதுதான் வளர்ச்சிக் கோடு. 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைத் திரவத்தின் வழியே செலுத்தி, எவ்வளவு ஒளி சிதறிப்போனது என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் காட்டும். அந்த எண்ணுக்கு ஒளி அடர்த்தி என்று பெயர்.

கோட்டைப் படிக்கும் முன் செங்குத்து அச்சைப் பார்க்க வேண்டும். பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுவது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். சாதாரண அளவுகோலில் வரைந்தால் தொடக்கம் முழுவதும் தரையோடு ஒட்டிக் கிடக்கும். பெருக்கம் எப்போதோ தொடங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மடக்கை அளவுகோலில் ஒவ்வொரு இரட்டிப்பும் ஒரே உயரம் ஏறும் என்பதால், சீரான பெருக்கம் அங்கே நேர்கோடாகிவிடும். கோடு எங்கே நேராகிறது, எங்கே வளைகிறது என்பதைத்தான் கண் தேட வேண்டும்.

உதாரணமாக, ஒரு குடுவையின் அளவீடு தொடக்கத்தில் 0.05. அரை மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய அதுவே. 60ஆவது நிமிடத்தில் 0.10, 80இல் 0.20, 100இல் 0.40. கடைசி மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமைவதால் அது வேகப் பெருக்கக் கட்டம். இரட்டிப்புக்கு ஆகும் நேரம் 20 நிமிடம். அந்த நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் தொடக்க அளவான 0.05ஐ 40ஆவது நிமிடத்தில் தொடும். தயக்கக் கட்டத்தின் நீளம் அந்த 40 நிமிடம்.

தயக்கம் என்றாலும் அது சும்மா இருக்கும் நேரமல்ல. புதிய உணவுக்குத் தேவையான நொதிகளைச் செல் அப்போதுதான் உருவாக்கிக்கொள்கிறது. 1940களின் தொடக்கத்தில் பாரிஸில் ழாக் மோனோ வரைந்த கோடுகளில் இது அழகாகத் தெரிந்தது. குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்த ஊடகத்தில் பாக்டீரியா முதலில் குளுக்கோஸை மட்டும் உண்டு பெருகியது. அது தீர்ந்ததும் கோடு சிறிது நேரம் படுத்துவிட்டு, மறுபடி ஏறியது. லாக்டோஸை உடைக்கும் நொதி தயாராக எடுத்துக்கொண்ட அவகாசமே அந்த இடைவெளி. எனவே ஒரு கோட்டில் நடுவிலும் ஒரு தயக்கம் வந்தால், அதை அளவீட்டுப் பிழை என்று அவசரப்பட்டு ஒதுக்கக் கூடாது. விதைத்த செல்களின் வயதும் கணக்கில் சேரும்: நேற்றைய பழைய குடுவையிலிருந்து எடுத்தவை நெடுநேரம் தயங்கும், வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தவற்றை அதே ஊடகத்துக்கு மாற்றினால் தயக்கமே இல்லாமலும் போகலாம்.

அடுத்து வரும் தேக்கக் கட்டத்தில்தான் கருவி அதிகம் ஏமாற்றுகிறது. உணவும் ஆக்சிஜனும் குறைந்து, கழிவுகள் சேரும்போது பெருக்கம் மெல்ல நின்று கோடு கிடையாகும். ஆனால் ஒளி அடர்த்தி ஏறத்தாழ 0.4ஐத் தாண்டிய பிறகு, சிதறிய ஒளியில் ஒரு பங்கு மீண்டும் சிதறிக் கருவியின் கண்ணுக்கே வந்துவிடுவதால், எண் உண்மையைவிடக் குறைவாக விழும். எல்லை கருவிக்குக் கருவி மாறும். செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருக்க, தேக்கம் வந்துவிட்டது போலக் கோடு வளையும். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் சந்தேகம் தீரும். பெருக்கிய விடை முன்பு கண்டதைவிடக் கணிசமாக அதிகமானால், அந்த வளைவு கருவியின் வேலை.

சரிவுக் கட்டத்தை ஒளி அடர்த்தியைக் கொண்டு படிக்கவே முடியாது என்று சொல்லலாம். செத்த செல்லும் உடையாத வரை ஒளியைச் சிதறடிக்கும். உயிருள்ளவற்றை எண்ண அகார் தட்டுதான் வழி. 10 லட்சம் மடங்கு நீர்த்த மாதிரியில் 0.1 மில்லிலிட்டரைத் தட்டில் பரப்பி, மறுநாள் 100 காலனிகள் வந்தால், மூலத் திரவத்தின் ஒரு மில்லிலிட்டரில் பெருகக்கூடிய செல்கள் 100 கோடி. சில நாட்கள் கழித்து அதே அளவு நீர்த்தலில் ஒரே ஒரு காலனி வந்தால், நூற்றில் தொண்ணூற்றொன்பது செல்கள் பெருகும் திறனை இழந்துவிட்டன என்று பொருள். ஆனால் ஒரு காலனியை நம்பிக் கணக்குப் போடுவது ஆபத்து என்பதால் நீர்த்தலைக் குறைத்து மறுபடி எண்ணுவார்கள். திரவமோ அப்போதும் கலங்கலாகவே இருக்கும்.

இந்தச் சரிவு பெரும்பாலும் பூஜ்யம் வரை போவதில்லை. எஞ்சியவை செத்தவற்றிலிருந்து கசியும் சத்தை உண்டு, புதிய உணவு எதுவும் சேர்க்காமலே பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். பாடநூல் படங்கள் கோட்டை வழக்கமாக அதற்கு முன்பே நிறுத்திவிடுகின்றன.