பங்கு கிடைக்கவில்லை, பணமும் வரவில்லை

புதுப் பங்கு வெளியீட்டுக்கு யுபிஐ வழியாக 15,000 ரூபாய்க்கு விண்ணப்பித்த ஒருவருக்குப் பங்கு ஒதுக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். பணம் அவர் கணக்கில்தான் இருக்கிறது, வட்டியும் சேர்கிறது, எடுக்கத்தான் முடியாது.

வெளியீடு முடிந்த இரண்டாம் வேலைநாளில் முடக்கம் நீங்க வேண்டும். மூன்றாம் நாள் பங்கு பட்டியலாகியும் நீங்காவிட்டால், முதலில் பதிவாளரின் தளத்தில் ஒதுக்கீடு இல்லை என்பதை உறுதிசெய்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்வது நல்லது. தரகர் செயலியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பூட்டும் சாவியும் வங்கியிடம். விண்ணப்ப எண், யுபிஐ மேண்டேட் எண்ணோடு அங்கே எழுத்தில் புகார் தர வேண்டும்.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அல்லது ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, எது அதிகமோ அதை வங்கி தர வேண்டும் என்கிறது செபி. 15,000 ரூபாய்க்கு வட்டி தினம் ஆறு ரூபாய்தான்; எனவே 100 ரூபாயையே கேட்கலாம். வங்கி அசையாவிட்டால் வெளியீட்டின் முதன்மை மேலாளர், பிறகு செபியின் ஸ்கோர்ஸ் தளம்.