காலை, மாலை திக்ருகள்: பொருளும் எண்ணிக்கையும்

முன்னுரை

இஸ்லாமியர் வைகறைத் தொழுகைக்குப் பின்னரும் மாலைப் பொழுதிலும் ஓதும் இறைநினைவுத் தொடர்கள் திக்ரு எனப்படும். இவற்றுக்கு ஆதாரமாவன நபிமொழித் தொகுப்புகளாகும். அவற்றுள் ஸஹீஹுல் புகாரி, ஸஹீஹ் முஸ்லிம் ஆகியவற்றை ஆழ்வார்பேட்டையை அடுத்த மயிலாப்பூரில் இயங்கும் ரஹ்மத் அறக்கட்டளை தமிழில் வெளியிட்டுள்ளது. திக்ருகள் சிலவற்றின் பொருளையும் எண்ணிக்கையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பொழுதைக் குறிக்கும் வினை

காலையில் ஒருமுறை ஓதப்படும் தொடரொன்று ‘அஸ்பஹ்னா’ என்று தொடங்குகிறது. மாலையில் அதே தொடர் ‘அம்ஸைனா’ என்று தொடங்கும். காலையை அடைதலும் மாலையை அடைதலும் அரபியில் தனி வினைகளாக உள்ளன. அவை தன்மைப் பன்மையில் வருகின்றன. தமிழில் ‘பொழுது விடிந்தது’ எனலாம். ‘நாங்கள் விடிந்தோம்’ என்பது வழக்கன்று. எனவே ‘நாங்கள் காலைப் பொழுதை அடைந்தோம்; ஆட்சியும் அல்லாஹ்வுக்கே உரியதாகக் காலையை அடைந்தது’ என விரித்தே பெயர்க்க வேண்டியுள்ளது. மனிதரும் ஆட்சியும் ஒரே வினையால் இணையும் மூலத்தின் நெருக்கம் இவ்விரிவில் சற்றுத் தளர்கிறது.

எண்ணிக்கை

‘அல்லாஹ் தூயவன், அவனைப் புகழ்கிறேன்’ எனப் பொருள்படும் ‘ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி’ காலையிலும் மாலையிலும் நூறு முறை ஓதப்படுகிறது. குர்ஆனின் இறுதி மூன்று அத்தியாயங்கள் இரு பொழுதிலும் மும்மூன்று முறை ஓதப்படுகின்றன. ‘தலையாய பாவமன்னிப்பு வேண்டல்’ எனப்படும் நெடிய வேண்டுதல் இரு பொழுதிலும் ஒவ்வொரு முறை ஓதப்படும். இதற்கு எண்ணைவிட உறுதியான நம்பிக்கையே நிபந்தனையாகக் கூறப்பட்டுள்ளது.

எண்ணிக்கை மிகுந்தால் பயனும் மிகும் என்பது பொது விதியன்று. நபியவர்களின் துணைவியார் ஜுவைரிய்யா வைகறை முதல் முற்பகல் வரை ஓதிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த நபியவர்கள், தாம் மும்முறை சொன்ன நான்கு சொற்கள் அவர் ஓதிய அனைத்தையும் எடையில் விஞ்சும் என்றார்கள். அத்தொடர் மேற்கண்ட ‘ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி’யே, அதனுடன் படைப்புகளின் எண்ணிக்கை, இறைவனின் உவப்பு, அரியணையின் எடை, அவன் சொற்களை எழுதும் மையின் அளவு ஆகிய நான்கும் அளவைகளாகச் சேர்கின்றன. விரல்களால் எண்ண இயலாததை இங்குச் சொற்பொருளே எண்ணிவிடுகிறது.

அறிவிப்பு வேறுபாடு

‘அல்லாஹ்வின் முழுமையான சொற்களைக் கொண்டு, அவன் படைத்தவற்றின் தீங்கிலிருந்து காவல் தேடுகிறேன்’ என்பது மாலைத் தொடர். தேள் கொட்டிய ஒருவரிடம் நபியவர்கள் இதனைக் குறிப்பிட்டதாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. அங்கு எண்ணிக்கை இல்லை. திர்மிதியின் தொகுப்பில் ‘மூன்று முறை’ என்று வருகிறது. ஆகவே கையேடுகளில் எண் மட்டும் அச்சிடப்பட்டிருப்பின், அது எந்த அறிவிப்பைச் சார்ந்தது என்பதைத் தொகுப்புகளோடு ஒப்பிட்டே துணிய வேண்டும்.

முடிவுரை

திக்ருகளின் எண்ணிக்கை ஒவ்வொரு தொடருக்கும் அதன் அறிவிப்பைச் சார்ந்து தனித்தனியே அமைகிறது. ஜுவைரிய்யா அறிவிப்பில் எண் பொருளுக்குள்ளேயே இடம்பெறுகிறது. எனவே தமிழாக்கங்களை மதிப்பிடுவோர் தொடர், பொழுது, எண், மூலத் தொகுப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.