பேரை மறைச்சுட்டுப் படிங்க: எல்லாரும் ஒரே ஆள் மாதிரி பேசுற வசனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போன மாசம் நம்ம ஷோவுக்காக ஒரு ஆடியோ நாடகம் எழுதினேன். கதை நடக்குற இடம் நம்ம டோல்கேட். அப்பா கன்னியப்பன், காசிமேட்டுல லாஞ்சுல வேலை. மகள் தீபா, இன்ஜினியரிங் மூணாவது வருஷம். முதல் டிராஃப்ட் இப்படி இருந்துச்சு:

தீபா: இன்னாபா, செமஸ்டர் ஃபீஸ் கட்ட இன்னும் நாலு நாள்தான் கீது.
கன்னியப்பன்: இன்னாமா, உனக்கே தெரியும். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரிக்கும் 61 நாளு மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சு கடலுக்குப் போவக் கூடாது. அதனால கைல துட்டு இல்ல.

தகவல் எல்லாம் சரி. ஆனா கேட்கும்போது ஏதோ உறுத்துச்சு. கோடுல பக் தேடுற மாதிரி ரெண்டு சோதனை போட்டுப் பார்த்தேன்.

முதல் சோதனை: பேரை எல்லாம் அழிச்சுட்டு, எல்லா வரியையும் நானே ஒரே குரல்ல ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி, மறுநாள் கேட்டேன். பல இடத்துல யார் பேசுறாங்கன்னு எனக்கே தெரியல. ரெண்டு பேரும் 'இன்னா'ன்னு ஆரம்பிக்கிறாங்க, ரெண்டு பேரும் முழு வாக்கியமா, கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்றாங்க. வடசென்னைக் கதை எழுதுறவங்க அடிக்கடி விழுற குழி இது. மெட்ராஸ் பாஷை போட்டா ஆள் உயிரோட வந்துடுவார்னு நினைக்கிறோம். பாஷை ஊரைத்தான் காட்டும். அந்த ஊர்ல இவர் யாருன்னு காட்டாது.

'சார்பட்டா பரம்பரை' (2021) ஞாபகம் இருக்கா? பா. ரஞ்சித்தும் தமிழ் பிரபாவும் சேர்ந்து எழுதினது. அதுல வர்ற டாடி ஆங்கிலோ இந்தியன். அவர் தமிழ்ல இங்கிலீஷ் கலக்குற விதத்தை வச்சே, கண்ணை மூடிட்டுக் கேட்டாலும் அவர்தான்னு தெரியும். ரங்கன் வாத்தியாரோட பேச்சு அதே தெருவுல வேற மாதிரி.

ரெண்டாவது சோதனை: ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு கேள்வி. கேட்கிற ஆளுக்கு இது முன்னாடியே தெரியுமா? தெரியும்னா, அந்த வரி அவருக்காக இல்ல, நமக்காகச் சொல்லப்படுது. டிராஃப்ட்ல 'உனக்கே தெரியும்', 'ஞாபகம் இருக்கா'ன்னு தேடிப் பாருங்க, பாதி குற்றவாளிகள் அங்கேயே மாட்டுவாங்க. காசிமேட்டுப் பொண்ணுக்குத் தடைக்காலத் தேதியை அப்பா சொல்லித் தரணுமா?

சரி, திருத்துறது எப்படி? இந்த நிமிஷம் யாருக்கு என்ன வேணும், எதைப் பேச விருப்பமில்லன்னு எழுதிக்கிட்டேன். தீபாவுக்கு ஒரு தேதி வேணும். அப்பாவுக்கு 'இல்ல'ங்கிற வார்த்தையை மகள்கிட்ட சொல்ல முடியல.

தீபா: அப்பா, வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
கன்னியப்பன்: சாப்ட்டியா?
தீபா: அப்பா.
கன்னியப்பன்: இந்த வலைய இன்னிக்கே முடிச்சிரணும்.
தீபா: லாஞ்சு என்னிக்கிதான் போவும்?
கன்னியப்பன்: பதினாலு தாண்டட்டும்.
தீபா: ஃபைன் போடுவாங்கப்பா.
கன்னியப்பன்: அந்த ஊசிய எடு.

இப்ப பேரே வேணாம். அவ கேட்குறா, அவர் நழுவுறார். ஒரு 'இன்னா' கூட இல்ல, ஆனா ஆள் ரெண்டு பேர்.

இதுல ஒரு சிக்கல் வந்துச்சு. வேளச்சேரி ஃப்ரெண்டுக்குப் போட்டுக் காட்டினேன். லாஞ்சு போனாத்தான் காசுன்னு புரிஞ்சுது, ஆனா "பதினாலுன்னா என்ன?"ன்னு கேட்டான். அப்ப தடைக்காலத்தை எங்கேயாவது சொல்லித்தான் ஆகணும். யாருக்கு அது தெரியாது? காலேஜ் ஆபீஸுக்கு. அதனால அடுத்த காட்சியில தீபா அவகாசம் கேட்டு லெட்டர் எழுதுறா. 61 நாள், ஏன் வருமானம் இல்லன்னு அங்க எழுதித்தான் ஆகணும். ஒரு வரி எழுதுறா, கிழிக்கிறா. அப்பா சொல்லாம மறைச்ச 'இல்ல'யை இப்ப அவ கையெழுத்துப் போட்டு ஒரு கிளார்க்குக்குச் சொல்றா. டிராஃப்ட்ல செத்துக் கிடந்த அதே தகவல், இங்க வலிக்குது.

சார்பட்டாவுலயும் இதே வழிதான். 1976 ஜனவரி 31-ல தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது நமக்கு எப்படி உறைக்குது? சண்டை நடக்குற இடத்துக்கே போலீஸ் வந்து ரங்கன் வாத்தியாரைக் கைது பண்ணும்போது. அரசியல் செய்தி அந்த ஆட்டத்தையே உடைக்குது, அதனால மறக்காது.

தெரியாத ஆளும் கிடைக்கல, சம்பவமும் கிடைக்கலன்னா? கதைசொல்லி குரல்ல ஒரே வரியில நேரா சொல்லிடுங்க. அப்பா வாயில திணிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.